மேசையில் சுற்றும் வட்டு, துளை வழியே தொங்கும் எடை: எடையை 3 மடங்காக்கினால் வட்டு துளைக்குள் விழுந்துவிடுமா?

நிலா_பட்டர்வொர்த் (சனி, இரவு 9.12)

வணக்கம். நான் படிவம் 6 படிக்கிறேன். டியூஷனில் கொடுத்த பயிற்சித்தாளில் ஒரு கணக்கு, இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

வழவழப்பான மேசை, உராய்வு இல்லை. நடுவில் சின்னத் துளை. மேசைமேல் 0.10 கிலோ வட்டு ஒன்று நூலில் கட்டிச் சுற்றுகிறது. நூல் துளை வழியாகக் கீழே இறங்கி 0.20 கிலோ எடையைத் தாங்குகிறது. துளையிலிருந்து வட்டுக்கு 0.40 மீட்டர். எடை அசையாமல் தொங்க வேண்டுமானால் வட்டின் வேகம் என்ன? இது முதல் பகுதி. `mv²/r = Mg` என்று போட்டேன், g = 9.8 வைத்து 2.8 மீ/வி வந்தது. விடையும் அதுதான்.

இரண்டாம் பகுதியில்தான் சிக்கல். சுற்றிக்கொண்டிருக்கும்போதே கீழே இன்னொரு 0.40 கிலோவை அலுங்காமல் மாட்டுகிறார்கள். மொத்தம் 0.60 கிலோ. வட்டு துளைக்கு எவ்வளவு பக்கத்தில் வரும்?

எடை 3 மடங்கு ஆகிவிட்டதே, வட்டு நேராகத் துளைக்குள் போய்விடும் என்று நினைத்து 0 என்று எழுதினேன். என் தோழி பழைய 2.8-ஐயே வைத்து `r = mv²/Mg` போட்டு 0.13 மீ என்றாள். இன்னொருவன் ஏதோ செய்து 0.28 மீ என்கிறான். விடைத்தாளில் இருப்பது 0.20 மீ. நான்கு பேருக்கு நான்கு விடை. எது சரி, ஏன் சரி?

பாயான்லெப்பாஸ்_கண்ணன் (சனி, இரவு 9.40)

தங்கச்சி, உன் 0 தான் சரி என்று எனக்குப் படுகிறது. விடைத்தாளில் தப்பு இருக்கும்.

இப்படிப் பார். சுற்றும் பொருளை வட்டத்தில் வைத்திருக்க வேண்டிய விசை `mω²r`. ஆரம் குறைந்தால் இந்தத் தேவையும் குறையும். கீழே எடையோ 3 மடங்காகிவிட்டது. ஆகவே எடை ஜெயிக்கும், வட்டு உள்ளே வரும். உள்ளே வர வர தேவை இன்னும் குறையும், எடை இன்னும் பலமாக ஜெயிக்கும். நடுவில் நிறுத்துவதற்கு ஒன்றுமே இல்லை. உண்மையில் எடையைக் கூட்டாமல் ஒரு தட்டு தட்டினாலே போதும், விழுந்துவிடும். தொழிற்சாலையில் சுழலும் மேசைகளோடு 11 வருடம் வேலை பார்த்தவன் நான். சுழலும் தட்டில் ஒரு கட்டையைச் ஸ்பிரிங் வைத்துப் பிடித்திருக்கும்போது இந்தத் தொல்லையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

செந்தூல்_டீச்சர் (சனி, இரவு 10.05)

இந்தப் பரிசோதனையை வருடா வருடம் மாணவர்களோடு செய்திருக்கிறேன். ரப்பர் அடைப்பானை நூலில் கட்டி, நூலைக் கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு, கீழே எடைத்தட்டுகளைத் தொங்கவிட்டுத் தலைக்குமேல் சுற்றுவோம். குழாய்க்குக் கீழே நூலில் ஒரு கிளிப் மாட்டி, அது ஏறாமல் இறங்காமல் இருக்கும்படி சுற்றச் சொல்வோம்.

அனுபவத்தில் சொல்கிறேன், அந்த எடை சும்மா ஓரிடத்தில் நிற்கவே நிற்காது. கொஞ்சம் வேகம் கூட்டினால் கிளிப் ஏறிக் குழாயில் முட்டும், கொஞ்சம் அசந்தால் எடை சரசரவென்று இறங்கும். கண் முழுக்கக் கிளிப்மேல் வைத்துக்கொண்டு கை விடாமல் சரிசெய்தபடி இருக்க வேண்டும். அதனால் கண்ணன் சொல்வது எனக்கும் ஒத்துப்போகிறது. ஆனால் 0 என்பதும் சரியில்லை. எவ்வளவு பக்கத்தில் வரும் என்பது நாம் எப்படிச் சுற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. கணக்கில் அந்தத் தகவலே இல்லையே?

ஆயர்ஈத்தாம்_தாத்தா (ஞாயிறு, காலை 6.50)

டீச்சர் கேட்டது நல்ல கேள்வி, அதில்தான் முடிச்சே இருக்கிறது. உங்கள் பரிசோதனையில் சுற்றுவது உங்கள் கை. கணக்கில் இருக்கும் மேசையில் சுற்றுவதற்கு யாருமே இல்லை. ஆரம்பத்தில் ஒரு முறை தள்ளிவிட்டதோடு சரி.

யாரும் தொடவில்லை என்றால் வட்டின்மேல் பக்கவாட்டில் என்ன விசை இருக்கிறது? நூல் ஒன்றுதான் இழுக்கிறது, அதுவும் எப்போதும் துளையை நோக்கித்தான். துளையைச் சுற்றி வட்டை முடுக்கிவிடவோ தடுக்கவோ அந்த இழுப்பால் முடியாது. அதனால் துளையைச் சுற்றிய கோண உந்தம் மாறாது. மலாயில் படித்தவர்களுக்கு மொமெந்தும் சுடுட். வட்டின் நிறை மாறாததால், ஆரத்தையும் அந்த ஆரத்துக்குக் குறுக்கே உள்ள வேகத்தையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண் வரும். நிலாவின் கணக்கில் 0.40 × 2.8 = 1.12.

கண்ணன் தம்பி, நீங்கள் கோண வேகம் மாறாது என்று எடுத்துக்கொண்டீர்கள். மோட்டார் சுழற்றும் தட்டில் அது சரி, மோட்டார் விடாமல் அதே வேகத்தில் வைத்திருக்கும். அங்கே உங்கள் முடிவும் சரி. டீச்சர் கையால் சுற்றும்போதும் கிட்டத்தட்ட அதே கதை. கை ஒரே தாளத்தில் சுற்றப் பார்க்கும், அதனால்தான் கிளிப் ஓரிடத்தில் நிற்க மறுக்கிறது. நிலாவின் தோழி வேகம் மாறாது என்று எடுத்துக்கொண்டாள். அதற்கும் இங்கே காரணம் இல்லை.

இந்த மேசையில் மாறாமல் இருப்பது 1.12 மட்டும். இதை வைத்துப் பாருங்கள். ஆரம் 0.40-லிருந்து 0.20 ஆனால் குறுக்கு வேகம் 2.8-லிருந்து 5.6 ஆகும். வேகம் 2 மடங்கு, அதன் வர்க்கம் 4 மடங்கு, ஆரம் பாதி. ஆக வட்டமாகச் சுற்றத் தேவையான விசை 8 மடங்கு. 1.96 நியூட்டனாக இருந்தது 15.68 ஆகிறது. தொங்கும் எடையோ 3 மடங்குதான் கூடியிருக்கிறது, 5.88 நியூட்டன். உள்ளே போகப் போக எடை தோற்கிறது. கண்ணன் சொன்னதற்கு நேர் எதிர். வட்டு துளைக்குள் விழாது.

0.28 சொன்ன பையன் பாதி வழி வந்துவிட்டான். 5.88 நியூட்டனும் வட்டத்தின் தேவையும் சமமாகும் இடம் 0.277 மீட்டர். அங்கே சமம் என்றால் அங்கேயே நின்றுவிடும் என்று அவன் நினைத்திருப்பான். ஆனால் வட்டு அங்கு வந்து சேரும்போது உள்நோக்கி 0.92 மீ/வி வேகத்தோடு வருகிறது. ஊஞ்சல் நடுப்புள்ளியைத் தாண்டுவதுபோல அதைத் தாண்டித்தான் போகும்.

எவ்வளவு தூரம் தாண்டும் என்பதற்கு ஆற்றலைப் பார்க்க வேண்டும். மிகவும் உள்ளே வந்த அந்தக் கணத்தில் வட்டு உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. எடையும் அப்போது அசையாது. மிச்சமிருப்பது குறுக்கு வேகம் மட்டும், அது `1.12/r`.

```
0.05 × (1.12/r)² = 0.392 + 5.88 × (0.40 − r)
```

இடப்பக்கம் அந்தக் கணத்தில் வட்டின் இயக்க ஆற்றல். வலப்பக்கத்தில் 0.392 ஜூல் ஆரம்பத்தில் இருந்தது, மற்றது எடை இறங்கியதால் வந்தது. r = 0.20 போட்டுப் பார்: இடப்பக்கம் 1.568, வலப்பக்கம் 0.392 + 1.176 = 1.568. r = 0.40 போட்டாலும் இரு பக்கமும் ஒத்துவரும், அது கிளம்பிய இடம். வட்டு இந்த இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வரும், எடையும் 20 செ.மீ. ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

எடையை 10 மடங்காக்கி 2 கிலோ தொங்கவிட்டாலும் விழாது. போட்டுப் பார்த்தேன், 0.10 மீட்டர் வரைதான் வருகிறது.

நிலா_பட்டர்வொர்த் (ஞாயிறு, காலை 10.20)

தாத்தா, மிக்க நன்றி. 2 கிலோ கணக்கையும் நானே போட்டேன், 0.10 வந்தது.

ஒரே ஒரு இடம் இன்னும் உறுத்துகிறது. 0.20-இல் வட்டுக்கு 15.68 நியூட்டன் தேவை என்றீர்கள். அந்தக் கணத்தில் எடை அசையாமல் நிற்கிறது. அசையாமல் நின்றால் நூலின் இழுவிசை 5.88 தானே? அப்படியானால் 15.68 எங்கிருந்து வருகிறது? இழுவிசை எப்போதும் `Mg` என்றுதான் எல்லாப் பயிற்சியிலும் எழுதி வந்திருக்கிறேன்.

ஆயர்ஈத்தாம்_தாத்தா (ஞாயிறு, காலை 11.05)

இதைக் கேட்டாயே, சந்தோஷம். தேர்வுத்தாள் திருத்திய காலத்தில் மாணவர்கள் அதிகம் மதிப்பெண் இழந்த இடம் இது.

மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, ஆனால் அதன் முடுக்கம் சுழியம் இல்லை. இங்கேயும் அப்படியே. எடை கீழ்க்கோடியில் ஒரு கணம் நிற்கிறது, ஆனால் அந்தக் கணத்தில் அது மேல்நோக்கி முடுக்கம் பெற்றுக்கொண்டிருக்கிறது. இழுவிசை `Mg` ஆக இருப்பது எடைக்கு முடுக்கமே இல்லாதபோது மட்டும். உன் முதல் பகுதியில் அப்படித்தான் இருந்தது.

நூல் நீளாது. அதனால் வட்டு வெளியே வரும் முடுக்கமும் எடை மேலே ஏறும் முடுக்கமும் ஒன்றே. இரண்டின் நிறையும் சேர்ந்து 0.70 கிலோ. 0.20 மீட்டரில் 15.68-க்கும் 5.88-க்கும் உள்ள வித்தியாசம் 9.8 நியூட்டன், அதை 0.70 ஆல் வகுத்தால் 14 மீ/வி². எடையை அந்த முடுக்கத்தோடு மேலே தூக்க நூல் இழுக்க வேண்டியது 0.60 × (9.8 + 14) = 14.28 நியூட்டன். 5.88-உம் இல்லை, 15.68-உம் இல்லை.

வெளிக்கோடியில் 0.40 மீட்டரில் இதே கணக்கைப் போடு. அங்கே எடை கீழ்நோக்கி 5.6 மீ/வி² முடுக்கத்தோடு கிளம்புகிறது, இழுவிசை 2.52 நியூட்டன்தான். ஒரே நூலில் இழுவிசை 2.52-க்கும் 14.28-க்கும் இடையில் மாறி மாறி வருகிறது. மெல்லிய நூலாக இருந்தால் அறுவது உள்கோடியில்தான்.

பாயான்லெப்பாஸ்_கண்ணன் (ஞாயிறு, மதியம் 1.30)

ஐயா, கோண வேகம் மாறாது என்று நான் எடுத்தது இங்கே பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று புரியவில்லை. நூல் துளையை நோக்கி இழுக்கிறது, வட்டு அதற்குக் குறுக்கே ஓடுகிறது. குறுக்கே ஓடும் பொருளின்மேல் விசை வேலை செய்யாது என்றுதானே படித்தோம்? பிறகு 2.8 எப்படி 5.6 ஆனது? யார் வேகம் கொடுத்தது?

ஆயர்ஈத்தாம்_தாத்தா (ஞாயிறு, மாலை 4.15)

வட்டமாகச் சுற்றும்வரை நீங்கள் சொல்வது சரி. எடையைக் கூட்டிய பிறகு பாதை வட்டம் இல்லை, உள்ளே சாய்ந்த பாதை. வட்டின் வேகத்தில் துளையை நோக்கிய ஒரு பங்கும் சேர்ந்துவிட்டது. நூலும் அதே திசையில் இழுக்கிறது. அதனால் உள்ளே வரும்போதெல்லாம் நூல் வட்டின்மேல் வேலை செய்கிறது. அந்த 1.176 ஜூல் எடை 20 செ.மீ. இறங்கியதால் கிடைத்தது, நூல் அதை வட்டிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. வெளியே வரும்போது வட்டு அதைத் திருப்பிக் கொடுக்கும், எடை மறுபடி ஏறும்.

ஒரு தட்டு தட்டினாலே விழுந்துவிடும் என்றீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். விழாது, லேசாக ஆடும். அந்த ஆட்டம் ஒரு சுற்றுக்கு எத்தனை முறை என்பது ஆரத்தைப் பொறுத்ததே இல்லை, இரண்டு நிறைகளை மட்டும் பொறுத்தது: `√(3m/(M+m))`. நிலாவின் முதல் பகுதிபோல எடை வட்டைப்போல 2 மடங்கு என்றால் இது சரியாக 1. ஒரு சுற்றுக்கு ஒரு முறை ஏறி இறங்கும், ஒவ்வொரு சுற்றிலும் அதே திசையில் உள்ளே வரும்.

கேரம்_மணி (திங்கள், இரவு 8.45)

பிரிக்பீல்ட்ஸிலிருந்து. இதைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் ஓரம் உடைந்த பழைய கேரம் பலகை கிடந்தது. நடுவில் துளை போட்டு, இரண்டு நாற்காலிக்கு நடுவே வைத்து, போரிக் பவுடர் நன்றாகத் தூவினேன். 15 கிராம் ஸ்ட்ரைக்கரில் தூண்டில் நரம்பை ஒட்டி, கீழே சமையலறைத் தராசில் நிறுத்த 30 கிராம் நட்டுகளைக் கட்டினேன். 25 செ.மீ. தள்ளி வைத்துப் பக்கவாட்டில் சுண்டிவிட்டேன்.

தாத்தா மன்னிக்கணும், விழுந்துவிட்டது. நான்கைந்து சுற்று சுற்றிச் சுருண்டு சுருண்டு துளைக்கே வந்துவிட்டது. பத்து முறை செய்தேன், பத்து முறையும் அப்படித்தான். கடைசிச் சுற்றுகளில் விர்ரென்று வேறு சுற்றுகிறது. கோண உந்தம் மாறாது என்றால் இது எப்படி?

ஆயர்ஈத்தாம்_தாத்தா (செவ்வாய், காலை 7.10)

மன்னிக்க ஒன்றுமில்லை மணி, அருமையான வேலை செய்திருக்கிறீர்கள். பவுடர் போட்டாலும் உராய்வு உராய்வுதான். அது ஓட்டத்துக்கு எதிராக, அதாவது ஆரத்துக்குக் குறுக்கே தடுக்கிறது. நூலால் செய்ய முடியாததை அது செய்கிறது, கோண உந்தத்தைக் கரைக்கிறது. உராய்வுக் கெழு 0.1 என்று வைத்துப் போட்டால் உங்கள் பலகையில் முதல் சுற்றிலேயே சுமார் 5 செ.மீ. உள்ளே வரும்.

கடைசியில் விர்ரென்று சுற்றியதைப் பார்த்து வேகம் கூடியதாக நினைக்க வேண்டாம். மெதுவாகச் சுருளும்போது கிட்டத்தட்ட ஒவ்வொரு சுற்றிலும் `mv²/r = Mg` பொருந்தும், ஆகவே ஆரம் குறையக் குறைய வேகமும் குறையும். 25 செ.மீ.-இல் 2.2 மீ/வி என்றால், 6 செ.மீ.-இல் அதில் பாதிதான். சுற்ற வேண்டிய வட்டம் அதைவிடச் சின்னதாகிவிட்டதால் சுற்றுகள் சடசடவென்று வருகின்றன. இயங்குபடம் எடுத்தால் வேகம் குறைவதை அளந்தே காட்டலாம்.

துளையின் விளிம்பையும் பாருங்கள். நரம்பு அங்கே 90 பாகை வளைகிறது. வெறும் மரவிளிம்பில் கெழு 0.2 இருந்தாலே ஒரு பக்க இழுப்பு மறுபக்கத்தைவிட 1.37 மடங்குவரை வேறுபடலாம், நரம்பு நகராமலே இருக்கும். லேசான ஏற்ற இறக்கம் அதிலேயே செத்துவிடும்.

செந்தூல்_டீச்சர் (செவ்வாய், இரவு 9.00)

மணி, எங்கள் கண்ணாடிக் குழாயின் வாயைச் சுடரில் காட்டி உருட்டி மழுங்கடித்துத்தான் பயன்படுத்துவோம், இல்லாவிட்டால் நூல் அறுந்துவிடும். கண்ணாடி மணி ஒன்றைத் துளையில் பொருத்திப் பாருங்கள். என் பரிசோதனையையும் இந்தக் கணக்கையும் ஒன்றென்று நினைத்துப் பதில் எழுதிவிட்டேன், நிலா குழம்பியிருக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.

கேரம்_மணி (வெள்ளி, இரவு 10.30)

டீச்சர் சொன்னபடி கண்ணாடி மணி பொருத்தினேன், நல்ல வித்தியாசம். இப்போது சுருளும்போதே நட்டுகள் ஏறி இறங்குவது தெரிகிறது. கைப்பேசியில் மெதுவோட்டத்தில் எடுத்தேன். முதல் மூன்று சுற்றிலும் ஸ்ட்ரைக்கர் ஜன்னல் பக்கம் போகும்போதுதான் நட்டுகள் மேலே இருக்கின்றன. ஒரு சுற்றுக்கு ஒரு முறை, அதே திசை. தாத்தாவின் கணக்கு அப்படியே வந்துவிட்டது!

பாயான்லெப்பாஸ்_கண்ணன் (வெள்ளி, இரவு 11.15)

மணி, அவசரப்படாதீர்கள். பலகை ஜன்னல் பக்கம் ஒரு மில்லிமீட்டர் சரிந்திருந்தாலும் இதேதான் தெரியும். சரிவும் ஒரு சுற்றுக்கு ஒரு முறை, அதே திசையில்தான் தள்ளும். 30 கிராம் வைத்தால் இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. எடையை 15 கிராமாகக் குறையுங்கள். ஐயாவின் சூத்திரப்படி சுற்றுக்கு 1.22 முறை வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் உச்சி சுமார் 66 பாகை முன்னதாக வரும். அப்போதும் ஜன்னலிலேயே நின்றால் அது சரிவு.

கேரம்_மணி (ஞாயிறு, மாலை 6.20)

15 கிராமில் செய்தேன். முதல் உச்சி ஜன்னலுக்கு நேரே, அடுத்தது ஜன்னல் வருவதற்குக் கொஞ்சம் முன்பே. பாகைமானியைத் திரையில் வைத்துப் பார்த்தேன், ஒரு முறை 40, இன்னொரு முறை 50-க்கு மேல். மூன்றாவது உச்சி தெளிவாக இல்லை, அதற்குள் ஸ்ட்ரைக்கர் மிகவும் உள்ளே வந்துவிடுகிறது. நகர்கிறது என்பது நிச்சயம், 66 வரவில்லை. பலகைக்கு அடியில் அட்டை கொடுத்து, தண்ணீர்மட்டம் வைத்துச் சரிபார்த்துவிட்டு மறுபடி எடுக்கிறேன்.

ஆயர்ஈத்தாம்_தாத்தா (ஞாயிறு, இரவு 8.00)

எடுங்கள். சரிவும் கலந்திருக்கலாம், உராய்வு ஆட்டத்தை இழுத்துப் போட்டிருக்கலாம், இரண்டும் இருக்கலாம். நரம்பை ஒட்டியிருக்கும் இடத்தையும் ஒரு முறை பாருங்கள். ஸ்ட்ரைக்கரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தால் அது தன்னைத்தானே ஆட்டிக்கொள்ளும், 40-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் அதிலிருந்தும் வரலாம்.